சந்தை வீதியில் சாமான் இறக்க நேரம் கேட்டுப் போக்குவரத்துப் பொலிஸுக்கு எழுதும் கடிதம்

"வணக்கம் அண்ணை. வவுனியா சந்தைக்குக் கிட்ட ஒரு குறுக்கு வீதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். லொறி வந்து நின்றால் பொலிஸ் தண்டம் எழுதுது, சாமான் இறக்க விடுறாங்கள் இல்லை. இறக்குறதுக்கு ஒரு நேரம் ஒதுக்கித் தரச்சொல்லிப் போக்குவரத்துப் பொலிஸுக்குக் கடிதம் எழுதலாமா? எப்படி எழுதினால் கணக்கில் எடுப்பார்கள்?"

எழுதலாம் தம்பி. ஆனால் கடிதத்தைத் தொடங்க முதல் ஒரு கிழமைக்கு ஒரு கொப்பியை எடுத்து வையுங்கள். நானும் இதே நகரத்தில் பல வருடமாகப் பலசரக்கு வியாபாரம்தான் செய்கிறேன், எங்கள் வீதியில் ஒன்பது கடைக்காரர் சேர்ந்து இரண்டு தடவை இப்படிக் கடிதம் கொடுத்தோம். முதல் கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. இரண்டாவதைக் கொடுத்து இரண்டு கிழமைக்குள் ஒரு அதிகாரி வந்து வீதியை முழுக்க நடந்து பார்த்தார், பிறகு ஒரு மாதப் பரீட்சார்த்தமாக நேரம் தந்தார்கள். இரண்டிலும் கேட்டது ஒரே விஷயம்தான், எழுதிய விதம் வேறு.

முதல் கடிதத்தில் நாங்கள் எழுதியது இப்படி: வியாபாரிகள் பெரிதும் பாதிக்கப்பட்டுள்ளோம், பொருட்களை இறக்குவதற்கு நேரம் ஒதுக்கித் தந்து ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம். அதில் ஒரு பொய்யும் இல்லை. ஆனால் அதை வாசிக்கிற அதிகாரியின் இடத்தில் இருந்து பாருங்கள். எந்த நேரம், எந்தப் பக்கம், எத்தனை வாகனம், ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நிற்கும் என்று ஒன்றும் அதில் இல்லை. அவர் 'சரி' என்று சொல்ல நினைத்தாலும் எதற்குச் சரி சொல்வது? அதோடு, மேசையில் அதே வீதியைப் பற்றி வேறு ஆட்களின் முறைப்பாடும் கிடக்கும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்க இடமில்லை, அம்புலன்ஸ் போக வழியில்லை என்று. உங்கள் கடிதம் அந்த முறைப்பாட்டுக்கும் சேர்த்துப் பதில் சொன்னால்தான் அது நகரும்.

அதுக்குத்தான் கொப்பி. ஏழு நாளும் வீதிக்குள் சாமான் கொண்டுவருகிற ஒவ்வொரு வாகனத்தையும் எழுத வேண்டும், உங்கள் கடைக்கு வருவதை மட்டும் அல்ல. வந்த நேரம், போன நேரம், என்ன வாகனம், எந்தக் கடைக்கு, அவ்வளவும் போதும். நாங்கள் மூன்று கடைப் பொடியன்களிடம் நேரத்தைப் பிரித்துக் கொடுத்தோம். கிழமை முடிய 61 வாகனம் வந்தது. திங்கள் 11, வியாழன் 13, மீதி ஐந்து நாளுக்கும் சேர்த்து 37. எங்களுக்கே அது புதினமாக இருந்தது, ஏனென்றால் நாள் முழுக்க லொறி நிற்கிற மாதிரித்தான் எல்லாரும் நினைத்திருந்தோம். இன்னொன்றும் தெரிந்தது: வியாழன் வந்த 13 இல் 5 வாகனம் காலை 7 மணிக்கும் 8 மணிக்கும் இடையில் வந்திருக்கிறது. பள்ளிக்கூடம் 7.30க்குத் தொடங்குகிற நேரத்தில், எங்கள் ஆட்கள் வீதியை அடைத்துக்கொண்டு சீனி மூட்டை இறக்கியிருக்கிறார்கள். அதைக் கடிதத்தில் மறைக்கலாமா என்று எங்களுக்குள் ஒரு பேச்சு வந்தது. மறைக்க வேண்டாம் என்று நான் நின்றேன், இப்பவும் அதுதான் என் எண்ணம். பொலிஸுக்கு அது ஏற்கெனவே தெரிந்த விஷயம், நாங்களே சொன்னால் மற்றதையும் நம்புவார்கள்.

கொப்பியில் இருந்து அடுத்தது நேரக் கணக்கு. ஐந்து தொன் ஏற்றிய லொறி ஒன்று என்றால் 50 கிலோ மூட்டை 100. ஒரு ஆள் ஒரு மூட்டையை முதுகில் வாங்கி, உள்ளே கொண்டுபோய் அடுக்கிவிட்டுத் திரும்பி வர ஒன்றேகால், ஒன்றரை நிமிடம் பிடிக்கும். மூன்று பேர் இறக்கினால் முக்கால் மணித்தியாலம், இரண்டு பேர் என்றால் ஒரு மணித்தியாலத்துக்கு மேலே. ஒரு நாட்டாமையின் கூலியை மிச்சம் பிடிக்கப் போய் வீதியை இருபது நிமிடம் கூடுதலாக அடைக்கிறோம் என்பது எனக்கு இந்தக் கணக்குப் போட்ட பிறகுதான் விளங்கியது. பட்டா வாகனம் பத்து, பன்னிரண்டு நிமிடத்தில் போய்விடும்.

இப்ப வியாழக்கிழமையை எடுங்கள், அதுதான் எங்களுக்கு ஆகக் கூடின நாள். மூன்று லொறி, ஒவ்வொன்றும் 45 நிமிடம், மொத்தம் 135 நிமிடம். பத்துப் பட்டா, ஒவ்வொன்றும் 12 நிமிடம், ஆனால் 30 அடி இடம் இருந்தால் இரண்டு ஒன்றாக நிற்கலாம், அதால் 60 நிமிடம். ஒன்று வெளிக்கிட்டு மற்றது வந்து ஒதுங்குகிற இடைவெளிக்கு எல்லாமாக ஒரு 30 நிமிடம் வையுங்கள். கூட்டினால் 225 நிமிடம், மூன்றேமுக்கால் மணித்தியாலம். நாள் முழுக்க வீதியை விடச்சொல்லிக் கேட்கத் தேவையில்லை, 30 அடி இடமும் அவ்வளவு நேரமும் போதும் என்று எழுதலாம்.

அந்த நேரத்தை ஒரே துண்டாகக் கேட்காதீர்கள். கொழும்பில் இருந்தும் தம்புள்ளையில் இருந்தும் வருகிற லொறிகள் இரவு ஓடி விடியப் புறம் வந்து நிற்கும், அவைக்கு விடிய 5 மணி வசதி. ஆனால் பிஸ்கட், சவர்க்காரம், சோடா என்று கொண்டுவருகிற ஏஜென்சி வாகனங்களுக்கு அந்த நேரம் சரிவராது, அவர்களின் களஞ்சியம் திறந்து, பில் போட்டு, ஏற்றி வெளிக்கிடவே எட்டு, ஒன்பது ஆகிவிடும். விடியற்காலையை மட்டும் வாங்கினால் பட்டாக்காரர் எல்லாம் பழையபடி களவாகத்தான் நிற்பார்கள். அதால் நாங்கள் காலை 5.00 முதல் 6.45 வரை லொறிக்கு, 10.30 முதல் 12.30 வரை மற்ற வாகனத்துக்கு என்று கேட்டோம். காலைத் துண்டு பள்ளிக்கூடச் சனம் வீதிக்கு வர முதலே முடிந்துவிடும், மற்றது 1.30க்குப் பள்ளிக்கூடம் விட ஒரு மணித்தியாலம் முன்னுக்கு முடியும். இரண்டையும் கூட்டினால் அதே மூன்றேமுக்கால். மிச்சம் ஒன்றும் இல்லாத அளவுக்கு இறுக்கமாக இருந்தபடியால், மூன்றாவது லொறியைப் புதன்கிழமைக்கு மாற்றச்சொல்லி அந்த மொத்த வியாபாரியோடு கதைத்துச் சம்மதம் வாங்கிவிட்டுத்தான் கடிதம் கொடுத்தோம்.

அடுத்தது நாடாவைப் பிடித்து வீதியை அளப்பது. எங்கள் வீதி 22 அடி. லொறி ஏழரை அடி பிடிக்கும். மிச்சம் பதினாலரை அடி இருக்க வேண்டுமே, பிறகு ஏன் அடைபடுகிறது? எதிர்ப்பக்கத்தில் மோட்டார் சைக்கிள்களை வீதிக்குக் குறுக்காக நிறுத்துவதால் ஆறரை அடி அதுக்குப் போய்விடுகிறது. எட்டு அடிக்குள் ஓட்டோவும் வேனும் எதிரெதிரே வந்தால் அசைய முடியாது. அந்தச் சைக்கிள்களில் பாதிக்கு மேல் எங்கள் கடைகளில் வேலை செய்கிற ஆட்களுடையவை. இதைக் கண்டுபிடித்ததுதான் எங்கள் இரண்டாவது கடிதத்துக்குப் பலம் தந்தது. இறக்குகிற நேரத்தில் எதிர்ப்பக்கத்தில் எங்கள் ஆட்களின் சைக்கிள் ஒன்றும் நிற்காது என்று எழுதினோம், அவற்றை நாங்களே பின்வளவுக்குள் எடுப்பதாக முடிவு செய்தோம். உங்கள் வீதியின் அளவு வேறாக இருக்கும், ஆனால் அளந்து பாருங்கள், லொறியை விட வேறு ஏதோ ஒன்று இடத்தைத் தின்னும்.

இனி யாருக்கு எழுதுவது. போக்குவரத்துப் பிரிவின் பொறுப்பதிகாரிக்குத்தான் கடிதம். ஆனால் வீதியில் கோடு அடிப்பதும் பலகை நடுவதும் வீதி யாருடையதோ அவர்களின் வேலை, பொலிஸுக்கு அதை நடைமுறைப்படுத்துகிற வேலை. ஏ9, மன்னார் வீதி, ஹொரவப்பொத்தானை வீதி போன்றவை வீதி அபிவிருத்தி அதிகார சபையின் கையில் இருப்பவை. உள்வீதிகள் பெரும்பாலும் சபையின் பொறுப்பு, சிலது மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பு. உங்கள் வீதி எதில் என்று மாநகர சபையில் முதலே கேட்டு, அந்த இடத்துக்குப் பிரதி போடுங்கள். பிரதி போடாவிட்டால் பொலிஸ் 'பலகை இல்லாமல் நாங்கள் எப்படி விடுவது' என்பார்கள், சபை 'பொலிஸ் எங்களிடம் கேட்கவில்லையே' என்பார்கள், கடிதம் இரண்டுக்கும் நடுவில் கிடக்கும். எங்கள் முதல் கடிதத்துக்கு நடந்தது இதுவும்தான்.

மொழியைப் பற்றி ஒரு சொல். வடக்கு கிழக்கில் தமிழ் நிருவாக மொழி, தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரையிலேயே உரிமை இருக்கிறது, அதால் தமிழில் எழுதத் தயங்க வேண்டாம். ஆனால் முடிவு எடுக்கிற அதிகாரிக்குத் தமிழ் சரளம் இல்லாமல் இருக்கலாம். நல்ல சிங்களம் தெரிந்த ஒருவரைக் கொண்டு அதையே ஒரு பக்கத்தில் எழுதிப் பின்னால் குத்திக் கொடுங்கள். உரிமையை விட்டுக்கொடுப்பதாக இதை எடுக்க வேண்டாம், அன்றைக்கே வாசிக்கப்பட வேண்டும் என்பதற்காகத்தான்.

நாங்கள் கொடுத்த இரண்டாவது கடிதம் ஏறக்குறைய இதுதான். எண்களையும் இடத்தையும் உங்களுடையதாக மாற்றுங்கள்.

பொறுப்பதிகாரி,
போக்குவரத்துப் பிரிவு,
பொலிஸ் நிலையம்,
வவுனியா.

மதிப்புக்குரிய ஐயா,

பொருட்களை இறக்குவதற்கு நேரமும் இடமும் குறித்துத் தருமாறு கோரல்

வவுனியா நகரச் சந்தையை அண்டிய எமது வீதியில் ஒன்பது கடைகளை நடத்தி வருகின்றோம். கடந்த ஏழு நாட்களில் இவ்வீதிக்குப் பொருட்கள் கொண்டுவந்த வாகனங்களை எழுதி வைத்தோம். மொத்தம் 61 வாகனங்கள். ஆகக் கூடியது வியாழக்கிழமை, 3 லொறிகளும் 10 சிறு வாகனங்களும். அன்று 5 வாகனங்கள் காலை 7 மணிக்கும் 8 மணிக்கும் இடையில் நின்றதால் பாடசாலை செல்லும் பிள்ளைகளுக்கும் ஏனையோருக்கும் இடையூறு ஏற்பட்டதை நாம் ஒப்புக்கொள்கின்றோம். பதிவின் பிரதியும் வீதியின் அளவுப் படமும் இணைக்கப்பட்டுள்ளன.

வீதியின் இடப்பக்கத்தில், படத்தில் குறித்துள்ள 30 அடி நீளமான இடத்தில் மாத்திரம், ஞாயிறு தவிர்ந்த நாட்களில் காலை 5.00 முதல் 6.45 வரையும் முற்பகல் 10.30 முதல் பிற்பகல் 12.30 வரையும் பொருட்களை இறக்க அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கின்றோம். ஒரு லொறி 45 நிமிடத்துக்கு மேலும் சிறு வாகனம் 15 நிமிடத்துக்கு மேலும் நிற்காது.

இதற்காக நாம் பொறுப்பேற்பவை: இந்நேரங்களுக்கு வெளியே எமது ஒன்பது கடைகளும் எந்த வாகனத்தில் இருந்தும் பொருள் ஏற்கமாட்டா. இறக்கும் நேரத்தில் எதிர்ப்பக்கத்தில் எமது ஊழியர்களின் மோட்டார் சைக்கிள்கள் நிறுத்தப்படமாட்டா. ஒவ்வொரு லொறிக்கும் குறைந்தது மூன்று பேர் இறக்கும் வேலைக்கு நிற்பார்கள். முறை வரும்வரை வாகனங்கள் வீதிக்கு வெளியே காத்திருக்கும். அம்புலன்ஸ் அல்லது தீயணைப்பு வாகனம் வந்தால் உடனே ஒதுங்குவதற்காகச் சாரதி வாகனத்திலேயே இருப்பார்.

முதலில் ஒரு மாதத்துக்குப் பரீட்சார்த்தமாக அனுமதித்து, அதன் பின்னர் நிலைமையைப் பார்த்து முடிவு செய்யலாம். தாங்களோ தங்கள் உத்தியோகத்தர் ஒருவரோ ஒரு வியாழக்கிழமை வந்து பார்வையிடுமாறு வேண்டுகின்றோம்.

இப்படிக்கு,
ஒன்பது கடை உரிமையாளர்கள் (கையொப்பம், கடை முத்திரை)

பிரதி: மாநகர சபை, நகர வர்த்தகர் சங்கம்

இதில் இரண்டு இடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒன்று, "இந்நேரங்களுக்கு வெளியே பொருள் ஏற்கமாட்டா" என்ற வசனம். ஒன்பது பேரில் இரண்டு பேர் அதுக்குக் கையெழுத்து வைக்க மறுத்தார்கள், நல்ல விலைக்குச் சரக்கு வந்தால் மூன்று மணிக்கு வந்தாலும் எடுக்கத்தானே வேணும் என்று. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அந்த வசனம் இல்லாவிட்டால் பொலிஸுக்கு நாங்கள் தருவது ஒன்றுமே இல்லை, இருக்கிற நெரிசலுக்கு மேல் இன்னும் ஒரு சலுகை கேட்கிற மாதிரித்தான் இருக்கும். நேரம் தவறி வருகிற சரக்கை வெளியே ஒரு வளவில் இறக்கித் தள்ளுவண்டியில் கொண்டுவரலாம் என்று பேசி ஒரு மாதிரிச் சம்மதித்தார்கள். மற்றது, "ஒரு மாதம்". நிரந்தரமாகக் கேட்டால் மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்று தள்ளிப்போடுவார்கள். ஒரு மாதத்துக்கு ஒரு அதிகாரி துணிந்து சொல்லலாம், பிழைத்தால் நிறுத்தலாம். அந்த மாதத்துக்கு எங்களுக்குப் பலகைகூடத் தேவைப்படவில்லை, நாங்களே ஒரு மட்டையில் நேரத்தை எழுதிக் கடை முன்னால் தூக்கினோம்.

கடிதத்தைக் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள், உங்கள் பிரதியில் திகதியோடு முத்திரை வாங்குங்கள், சபைக்குப் பதிவுத் தபாலில் போடுங்கள். இரண்டு, மூன்று பேர் போனால் போதும். இருபது பேர் திரண்டு போனால் அது வேறு விதமாகப் பார்க்கப்படும். இரண்டு கிழமையில் ஒன்றும் வராவிட்டால் முத்திரை உள்ள பிரதியோடு திரும்பப் போய்க் கேளுங்கள், அதுக்குப் பிறகும் அசையாவிட்டால் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் எடுக்கச்சொல்லி வர்த்தகர் சங்கத்தின் ஊடாகக் கொடுக்கலாம்.

நேரம் கிடைத்த பிறகுதான் உண்மையான வேலை. எங்கள் முதல் கிழமை கிட்டத்தட்டப் பிழைத்துப் போனது. 10.30 என்று சொன்னதும் பத்துப் பட்டாவும் 10.25க்கே வந்து வாசலில் வரிசையாக நின்றுவிட்டன, வீதி முன்னைவிட மோசமாக அடைபட்டது, கடமையில் நின்ற பொலிஸ்காரர் கோபப்பட்டதில் பிழையே இல்லை. அன்று பின்னேரமே ஒவ்வொரு ஏஜென்சிக்கும் போன் எடுத்து ஆளுக்கு ஒரு நேரம் கொடுத்தோம், 10.30க்கு இரண்டு, 10.50க்கு இரண்டு என்று, யார் எப்ப என்பதை ஒரு தாளில் எழுதி முதல் கடையில் ஒட்டினோம். அரை மணித்தியாலம் முன்னுக்கு வந்தவர்கள் வெளியே ஒரு வளவில் நிற்க வேண்டும், அந்த வளவுக்காரரிடம் முதலே கேட்டு வைத்திருந்தோம். காத்திருக்க இடம் பார்க்காமல் நேரத்தை மட்டும் வாங்கினால் நெரிசலைப் பக்கத்து வீதிக்குத் தள்ளியதாகத்தான் முடியும், பக்கத்து வீதிக்காரர் உங்களுக்கு எதிராகக் கடிதம் எழுதுவார்கள்.

விடிய 5 மணிக்குக் கடையைத் திறக்க ஆள் வேணும் என்பதையும் யோசியுங்கள். அரை வெளிச்சத்தில் மூட்டை எண்ணினால் கணக்குப் பிழைக்கும், எங்களுக்கு ஒரு தடவை மா மூட்டை இரண்டு குறைந்தது, சாரதிக்கும் எங்களுக்கும் வாய்த்தர்க்கம். இப்ப வாசலில் ஒரு பெரிய எல்ஈடி பல்பு, இறக்க இறக்க ஒருவர் சுவரில் கோடு போடுவார், சாரதி அதைப் பார்த்துக் கையெழுத்து வைத்த பிறகுதான் லொறி வெளிக்கிடும்.

மழைக்காலம் இன்னும் சரிவரவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் படங்கை இழுத்துக் கட்டி, சீனியும் மாவும் நனையாமல் ஒவ்வொரு மூட்டையாக மூடி எடுக்க வேண்டும், 45 நிமிடம் ஒரு மணித்தியாலத்தைத் தாண்டும். புதன்கிழமைக்கு மாற்றிய அந்த லொறியால் கிடைத்த இடைவெளி அப்போதுதான் உதவுகிறது, ஆனால் இரண்டு நாள் தொடர்ந்து பெய்தால் அதுவும் போதாது. உங்கள் கடிதத்தில் மழை நாளில் காலைத் துண்டுக்கு மட்டும் 15 நிமிடம் கூடுதலாக, அதாவது 7.00 வரை, என்று முதலிலேயே சேர்த்துக் கேளுங்கள். நாங்கள் அதைக் கேட்க மறந்துவிட்டோம், அடுத்த முறை புதுப்பிக்கும்போது சேர்க்க இருக்கிறோம்.